பதிவுச் சான்றிதழ் தருவதும் தராததும்: சித்த, ஆயுர்வேத மருத்துவர்களின் சட்ட எல்லை

தமிழ்நாட்டுச் சிறு நகரம் ஒன்றில் சித்த மருத்துவமனைக்குள் நுழைந்தால், மருத்துவரின் நாற்காலிக்குப் பின்புறச் சுவரில் பெரும்பாலும் இரண்டு சட்டகங்கள் மாட்டப்பட்டிருக்கும். ஒன்று பல்கலைக்கழகம் தந்த பட்டம். மற்றொன்று கவுன்சில் தந்த பதிவுச் சான்றிதழ். நோயாளிகள் பட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். சட்டமோ இரண்டாவதைத்தான் பார்க்கிறது. பட்டம் பெற்ற ஒருவர் பதிவு செய்துகொள்ளாமல் நோயாளிக்குக் கசாயம் எழுதிக் கொடுத்தால், அவர் எவ்வளவு நன்றாகப் படித்தவராக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் மருத்துவத் தொழில் செய்யும் உரிமை அவருக்கு இல்லை.

பதிவு இல்லாமல் தொழில் செய்யக்கூடாது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததே. பதிவு இருந்தால் எதையெல்லாம் செய்யலாம் என்ற கேள்விக்குத்தான் தெளிவான பதில் கிடைப்பது அரிது. மருத்துவர்களிடம் கேட்டால் ஒரு பதில், காவல் நிலையத்தில் ஒரு பதில், மருந்துக் கடையில் வேறொரு பதில். சான்றிதழைக் கையில் எடுத்துப் படித்தாலும் விடை கிடைக்காது. இன்னார், இன்ன தகுதியுடன், இன்ன எண்ணில் பதிவு செய்யப்பட்டிருக்கிறார் என்பதற்கு மேல் அதில் அதிகம் இருக்காது. அந்தப் பதிவு எண்ணுக்கு உரிமைகளைத் தருபவையும் எல்லைகளை வகுப்பவையும் வெவ்வேறு சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் சான்றிதழின் உண்மையான பொருள் தெரியும்.

முதலில் பதிவு எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சித்த மருத்துவத்துக்கெனத் தனிச் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டது. சித்த மருத்துவ முறையின் மேம்பாட்டையும் அதன் மருத்துவர்களைப் பதிவு செய்வதையும் பற்றிய அந்தச் சட்டத்தின்கீழ் இயங்குவதுதான் தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சில். ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றைத் தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியம் கவனித்துக்கொள்கிறது. சித்த மருத்துவப் பட்டப்படிப்பான பி.எஸ்.எம்.எஸ். நான்கரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. பயிற்சிக் காலத்துக்குத் தற்காலிகப் பதிவு தரப்படுகிறது. பயிற்சி மருத்துவர் தாம் பயிற்சி பெறும் மருத்துவமனைக்குள் பணியாற்றவே அது உதவும்; மாலையில் ஊருக்குப் போய்த் தனியாக மருத்துவமனை நடத்த உதவாது. பயிற்சி முடித்ததற்கான சான்றும் பட்டமும் கைக்கு வந்தபின் நிரந்தரப் பதிவு. பட்ட மேற்படிப்பு முடித்தவர் அந்தக் கூடுதல் தகுதியையும் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பெயர்ப்பலகையில் அவர் எழுதிக்கொள்ளும் சிறப்புத் தகுதிக்குப் பதிவேட்டில் சான்று இருக்காது.

மாநிலப் பதிவேட்டுக்கு மேலே இந்திய அளவில் ஒரு பதிவேடு இருக்கிறது. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் அதை மத்தியப் பதிவேடு என்றது. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அது அதைத் தேசியப் பதிவேடு என்கிறது. பழைய சட்டத்தில் மத்தியப் பதிவேடு பற்றிய பிரிவில் சிறிய சொற்றொடர் ஒன்று உண்டு. பதிவேட்டில் பெயருள்ளவர் இந்தியாவின் எந்தப் பகுதியிலும் 'தம் தகுதிகளுக்கேற்ப' இந்திய மருத்துவத் தொழில் செய்யலாம் என்பது அதன் பொருள். எந்தப் பகுதியிலும் என்ற சொல் கண்ணில் படும் அளவுக்குத் தகுதிகளுக்கேற்ப என்ற சொல் பலர் கண்ணில் படுவதில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் பேச வேண்டியது அந்தச் சொல்லைப் பற்றித்தான்.

பதிவு பெற்றவருக்கு மட்டுமே உரியவை எனப் பழைய சட்டத்தின் 17-ஆம் பிரிவு நான்கு உரிமைகளைச் சொன்னது. புதிய சட்டமும் அவற்றை ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கிறது. இந்திய மருத்துவத் தொழில் செய்வது முதலாவது. அரசிலோ உள்ளாட்சி அமைப்பிலோ சித்த மருத்துவராக, வைத்தியராக, ஹக்கீமாகப் பதவி வகிப்பது இரண்டாவது. ஏதேனும் ஒரு சட்டத்தின்படி தேவைப்படும் மருத்துவச் சான்றிதழிலோ உடல்தகுதிச் சான்றிதழிலோ கையெழுத்திடுவது மூன்றாவது. மரண விசாரணையிலும் நீதிமன்றத்திலும் தம் மருத்துவம் பற்றி வல்லுநர் சாட்சியம் சொல்வது நான்காவது. இந்த நான்கும் பதிவோடு சேர்ந்தே வருகின்றன. பதிவின்றி இவற்றைச் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.

இவற்றை நடைமுறையில் பொருத்திப் பார்க்க ஒரு மருத்துவரைக் கற்பனை செய்துகொள்வோம். பாளையங்கோட்டையில் பி.எஸ்.எம்.எஸ். படித்து, சித்த மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு பெற்று, தம் ஊரில் சிறிய மருத்துவமனை தொடங்கியிருக்கும் ஒரு பெண் மருத்துவர். அவருடைய ஒரு நாளைத் தொடர்ந்து பார்ப்போம்.

காலையில் காய்ச்சலோடு ஓர் இளைஞர் வருகிறார். நாடி பார்த்து, உடல் வெப்பம் அளந்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, நிலவேம்புக் குடிநீரும் வேறு சூரணமும் தருகிறார். இதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. வெப்பமானியும் இரத்தப் பரிசோதனையும் மேற்கத்திய மருத்துவத்துக்கு மட்டுமே உரியவை அல்ல. பழைய சட்டம் இந்திய மருத்துவத்தை வரையறுக்கும்போதே, கவுன்சில் அறிவிக்கும் நவீன முன்னேற்றங்களால் துணை செய்யப்பட்டாலும் செய்யப்படாவிட்டாலும் அது இந்திய மருத்துவமே என்று சொன்னது. புதிய சட்டமும் அறிவிக்கப்படும் நவீன முன்னேற்றங்களுக்கு இடம் வைத்திருக்கிறது. உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. நோயைக் கண்டறியும் கருவிகளைப் பயன்படுத்துவதற்காகச் சித்த மருத்துவரைக் குறை சொல்வோர் இதைக் கவனிப்பதில்லை.

அதே இளைஞர் மூன்று நாள் விடுப்புக்குச் சான்றிதழ் கேட்கிறார். மருத்துவர் தம் பதிவு எண்ணோடு எழுதித் தரலாம். சட்டப்படி தேவைப்படும் சான்றிதழுக்கு அவர் கையெழுத்துச் செல்லும் என்பதே பொது விதி. ஆனால், குறிப்பிட்ட ஒரு சட்டமே இன்ன தகுதியுள்ளவர்தாம் சான்றளிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அந்தச் சட்டத்தின் சொல்லே நிற்கும். சான்றிதழை ஏற்க மறுக்கும் அலுவலகத்தோடு வாதிடும் முன், அந்த அலுவலகத்தின் விதியில் 'பதிவு பெற்ற மருத்துவர்' என்று மட்டும் இருக்கிறதா, எந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர் என்றும் இருக்கிறதா என்று பார்ப்பதே பயனுள்ளது. இந்த ஒரு வேறுபாடுதான் இனி வரப்போகும் ஒவ்வொரு இடத்திலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

பத்து மணிக்கு வரும் கர்ப்பிணிக்கு ஸ்கேன் தேவைப்படுகிறது. மருத்துவமனையில் ஒரு அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கி வைத்துத் தாமே பார்க்கலாமா? முடியாது. கருவில் பாலினம் அறிவதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டின் சட்டம், பதிவு பெற்ற மருத்துவர் என்ற சொல்லை நவீன மருத்துவத் தகுதியும் அதற்கான மாநிலப் பதிவேட்டில் பெயரும் உள்ளவர் என்றே வரையறுக்கிறது. கருவிக்கும் இடத்துக்கும் தனிப் பதிவு வேண்டும் என்பது அதன் இன்னொரு கட்டுப்பாடு. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமும் அப்படியே. சித்த, ஆயுர்வேத மருத்துவர் எவரும், எத்தனை ஆண்டு மகப்பேறு அனுபவம் இருந்தாலும், கருக்கலைப்பு மாத்திரை தரச் சட்டத்தில் இடமில்லை. இங்கே மாநில அரசாணையோ கவுன்சிலின் விளக்கமோ எதையும் மாற்றாது. கருவி வைத்திருந்த ஒரே காரணத்துக்காக வழக்கில் சிக்குபவர்கள், தாம் பாலினம் சொல்லவே இல்லை என்று வாதிடலாம். பதிவில்லாத இடத்தில், தகுதியில்லாதவர் கருவியை இயக்கினார் என்பதே போதுமான குற்றச்சாட்டு.

அடுத்ததுதான் பெரிய கேள்வி. மதியம் மற்றொரு நோயாளி வருகிறார். சளி முற்றி நெஞ்சில் இரைச்சல். இவருக்கு ஆன்டிபயாடிக் வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றுகிறது. எழுதித் தரலாமா? ஊசி போடலாமா?

இதற்கு விடை தேடுபவர்கள் தொடங்க வேண்டிய இடம், மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் விதிகள், 1945. சில வகை மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. அந்தப் 'பதிவு பெற்ற மருத்துவர்' யார் என்பதை 2-ஆவது விதியின் (ஈஈ) உட்பிரிவு வரையறுக்கிறது. நவீன மருத்துவப் பதிவேட்டில் இருப்பவர்கள் அதில் வருகிறார்கள். அவர்களோடு, நவீன மருத்துவ முறையில் தொழில் செய்பவர் என மாநில அரசு ஆணையிட்டு அறிவிக்கும் மற்ற பதிவேட்டு மருத்துவர்களும் வரலாம். இந்த இரண்டாவது வழியைக் கொண்டு பல மாநிலங்கள் ஆணை பிறப்பித்தன. அது பஞ்சாபிலிருந்து வழக்காகி உச்ச நீதிமன்றம் சென்றது. முக்தியார் சந்த் வழக்கு என்று அறியப்படும் அதில் 1998 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பைப் பலரும் தத்தம் வசதிக்கேற்பப் பாதி மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். விதி செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது; இது ஒரு பாதி. ஆனால் ஒரு மருத்துவ முறையின் மருந்தை எழுதும் உரிமையை அந்த முறையில் தொழில் செய்யும் உரிமையிலிருந்து பிரிக்க முடியாது என்றும் அது சொன்னது. எனவே இந்திய மருத்துவர்களின் பதிவுக்கான மாநிலச் சட்டமே எந்த முறையிலும் தொழில் செய்யும் உரிமையை அவர்களுக்குத் தந்திருக்கும் மாநிலங்களில் மட்டுமே, அந்த விதியும் அரசின் அறிவிப்பும் அவர்களுக்குப் பயன்படும். அறிவிப்பு ஒன்று மட்டும் போதாது. அதற்குக் கீழே மாநிலச் சட்டம் என்ற தரை இருக்க வேண்டும். மாநிலச் சட்டத்தின்படி கிடைத்த இத்தகைய உரிமைகளைப் பழைய மத்தியச் சட்டத்தின் 17(3) பிரிவு காப்பாற்றி வைத்திருந்தது என்பதால்தான் இந்த வாதமே எழுந்தது.

தமிழ்நாட்டில் 2010 செப்டம்பரில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் அரசாணை எண் 248 வந்தது. கல்லூரியில் முறையாகப் படித்துப் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத, யுனானி, ஓமியோபதி மருத்துவர்கள், தாம் பெற்ற பயிற்சிக்கும் கல்விக்கும் ஏற்ப, தம் முறையோடு நவீன மருத்துவத்தையும் பயன்படுத்தித் தொழில் செய்யலாம் என்பது அதன் சாரம். போலி மருத்துவர்களைத் தேடி நடந்த காவல்துறை நடவடிக்கைகளில், பட்டமும் பதிவும் உள்ள சித்த மருத்துவர்களும் மாட்டிக்கொண்ட சூழலில் அந்த ஆணை வந்தது. பதிவு பெற்ற மருத்துவரைப் போலி மருத்துவர் என்று அழைத்து விலங்கிடுவது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த வகையில் ஆணை வரவேற்கத்தக்கதே.

ஆனால் இந்த ஆணையைச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மருத்துவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்கும் கல்விக்கும் ஏற்ப என்ற சொல் அந்த ஆணைக்குள்ளேயே இருக்கிறது. தம் பாடத்திட்டத்தில் என்ன கற்றோம், உள்ளிருப்புப் பயிற்சியில் எதைக் கையால் செய்தோம் என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் காட்ட வேண்டிய கடமை மருத்துவருடையது. மத்தியப் பதிவேட்டின் 'தம் தகுதிகளுக்கேற்ப' என்ற பழைய சொல்லே இங்கே வேறு உருவில் திரும்பி வருகிறது. இரண்டாவதாக, முக்தியார் சந்த் தீர்ப்பு கேட்பது சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் உள்ள உரிமை. நிர்வாக ஆணை அதற்கு ஈடாகுமா என்ற கேள்வியைச் சந்திக்க மருத்துவர் ஆயத்தமாக இருக்க வேண்டும். காவல் நிலைய வாசலில் அந்த ஆணை ஒரு கவசம். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்து வழக்கு நீதிமன்றம் சென்றால் அதே கவசம் எவ்வளவு தாங்கும் என்பது தனிக் கேள்வி.

அந்தத் தனிக் கேள்விக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பூனம் வர்மா வழக்கு கடுமையான பதில் தருகிறது. அங்கே சம்பந்தப்பட்டவர் ஓமியோபதியில் பதிவு பெற்றவர். காய்ச்சலில் இருந்த நோயாளிக்கு அவர் அலோபதி மருந்துகளைத் தந்தார், நோயாளி இறந்துபோனார். தாம் அறியாத மருத்துவ முறையில் சிகிச்சை தந்ததே அலட்சியம், அதைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கருதியது. சாதாரணமாக மருத்துவ அலட்சிய வழக்கில், நியாயமான திறமையுள்ள மருத்துவர் எப்படி நடந்திருப்பார் என்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முறை தாண்டியவருக்கு அந்த ஒப்பீட்டின் பாதுகாப்பு கிடைப்பதில்லை. நமது மருத்துவர் நெஞ்சுச் சளி நோயாளியை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் குறிப்புடன் அனுப்புவதே நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான். இயலாமை என்று பார்க்க வேண்டியதில்லை. அந்தக் குறிப்பும் அவர் செய்த மருத்துவமே.

ஆயுர்வேதத்தில் அறுவை சிகிச்சை பற்றிய விவாதமும் இங்கேதான் சேர்கிறது. 2020 நவம்பரில் அப்போதைய மத்தியக் கவுன்சில், ஆயுர்வேதப் பட்ட மேற்படிப்புக்கான விதிகளில் திருத்தம் வெளியிட்டது. பொது அறுவை மருத்துவமான சல்லியம், கண், காது, மூக்கு, தொண்டை மருத்துவமான சாலாக்கியம் ஆகிய இரு துறைகளில் மேற்படிப்புப் படிப்பவர்கள் பயிற்சி பெற்றுத் தனியே செய்யக்கூடிய 58 சிகிச்சை முறைகளை அது பட்டியலிட்டது. ஆயுர்வேதம் படித்த எவரும் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று அதைப் படித்தவர்கள் தவறாகப் படித்தார்கள். பட்டியல் அந்த இரு துறை மேற்படிப்புக்கு உரியது. ஆயுர்வேத இளநிலைப் பட்டமான பி.ஏ.எம்.எஸ். மட்டும் முடித்தவரின் பதிவுச் சான்றிதழுக்கோ, சித்த மருத்துவரின் சான்றிதழுக்கோ அது எதையும் சேர்க்கவில்லை.

நம் மருத்துவரின் நாளுக்குத் திரும்புவோம். பிற்பகலில் அவர் தம் கைப்படத் தயாரித்த ஒரு செந்தூரத்தை ஒரு நோயாளிக்குத் தருகிறார். மருந்து தயாரிக்க உரிமம் வேண்டாமா? மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. உரிமமின்றித் தயாரிக்கவும் விற்கவும் அதன் 33-ஈஈசி பிரிவு தடை விதிக்கிறது. ஆனால் தம் சொந்த நோயாளிகளின் பயன்பாட்டுக்காக மருந்து தயாரிக்கும் வைத்தியருக்கும் ஹக்கீமுக்கும் அது பொருந்தாது என்று ஒரு விலக்கும் அங்கேயே இருக்கிறது. சித்த மருந்தைக் குறிப்பிடும் அந்த வாசகம் சித்த மருத்துவரைத் தனிச் சொல்லால் குறிப்பிடாமல் வைத்தியர் என்பதற்குள்ளேயே அடக்கிவிட்டது. தம் முறையின் மருந்தைத் தாமே செய்து தருவது என்னும் நெடுங்கால மரபுக்குச் சட்டம் விட்டுவைத்த வாசல் இது. இந்திய மருத்துவர்களின் மிக மதிப்புள்ள உரிமைகளுள் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன்.

வாசல் எவ்வளவு அகலம் என்பதை அந்த இரண்டு சொற்களே சொல்கின்றன: சொந்த நோயாளி. தம் முன் வந்து அமர்ந்து, தாம் பரிசோதித்து, தம் குறிப்பேட்டில் பெயர் எழுதப்பட்டவருக்குச் செய்வது விலக்குக்குள் வரும். அதே செந்தூரத்தைப் புட்டியில் அடைத்துப் பெயரிட்டு அடுத்த தெரு மருந்துக் கடைக்கோ வலைத்தளம் வழியே வெளியூருக்கோ அனுப்பினால், அதே கையால் செய்த அதே மருந்து உரிமமில்லாத உற்பத்தியாகிவிடும். நச்சுத்தன்மையுள்ள சரக்குகளைச் சட்டம் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் எட்டி, சேராங்கொட்டை, நாபி, நேர்வாளம், இலிங்கம் போன்றவை அதில் இருக்கின்றன. இவை சேர்ந்த உள்மருந்துகளை மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை, உரிமம் பெற்ற தயாரிப்பின் மேலுறையில் இருந்தாக வேண்டும். சொந்த நோயாளிக்குத் தரும் பொட்டலத்திலும் அதை எழுதி, பெயர், அளவு, நாள் குறித்து, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது, பின்னாளில் கேள்வி வந்தால் மருத்துவரைக் காப்பாற்றும் முதல் ஆவணம்.

இந்த வாசலைத் தவறாகப் பயன்படுத்துவோர் சூரணத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள். அது நோயாளிக்குச் செய்யும் துரோகம். சட்டத்தில் அது கலப்பட மருந்து, போலி மருந்து என்ற குற்றங்களுக்குள் வரும். கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. பல ஆண்டு மூட்டுவலி இரண்டு நாளில் மாயமாக மறையும். சில வாரங்களில் முகம் ஊதும், பசி மிகும். மருந்தை நிறுத்தியதும் தாங்க முடியாத சோர்வும் வலியும் திரும்பும். இப்படி நேர்ந்தால் மருந்தைத் திடீரென்று நிறுத்தாமல், மிச்சமுள்ள பொட்டலத்தோடு பெரிய மருத்துவமனைக்குப் போவதே பாதுகாப்பு.

மாலையில் பலகை எழுதுபவர் வருகிறார். 'சர்க்கரை நோய், புற்றுநோய் முற்றிலும் குணமாகும்' என்று எழுதட்டுமா என்று கேட்கிறார். கூடாது. 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடை செய்யும் சட்டம், அதன் அட்டவணையிலுள்ள நோய்களைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதைத் தடுக்கிறது. நீரிழிவும் புற்றும் அட்டவணையில் இருக்கின்றன. பதிவு பெற்றவர் என்பதால் விலக்கு கிடைக்காது. அவர் அந்த நோயாளிகளைப் பார்க்கலாம், சிகிச்சை தரலாம். குணமாக்குவேன் என்று தெருவுக்கு அறிவிக்க முடியாது. பலகையில் பெயர், பட்டம், பதிவு எண், மருத்துவ முறையின் பெயர் ஆகியவை போதும். மருத்துவமனை என்ற இடத்துக்கும் தனிப் பதிவு தேவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்திய மருத்துவ முறைகளின் சிறு மருத்துவமனைகளையும் உள்ளடக்கியது. கவுன்சிலின் சான்றிதழ் ஆளுக்கு. அந்தச் சட்டத்தின் பதிவு இடத்துக்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பட்டப்படிப்பு இல்லாத பரம்பரை வைத்தியர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தமிழ்நாட்டுப் பெயர்ப்பலகைகளில் ஒரு காலத்தில் ஆர்.ஐ.எம்.பி. என்ற எழுத்துகளைப் பரவலாகக் காணலாம். பதிவு பெற்ற இந்திய மருத்துவர் என்பதன் சுருக்கம் அது. கல்லூரிக்குப் போகாமல் குருவிடமும் குடும்பத்திலும் கற்றவர்கள் பலர் முன்பு பதிவு பெற்றிருந்தார்கள். 1970-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களைத் தெருவில் விடவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் மாநிலப் பதிவேட்டில் இருந்தவரின் உரிமையையும், பதிவேடே இல்லாத மாநிலத்தில் அந்நாளில் ஐந்தாண்டுக்குக் குறையாமல் தொழில் செய்துவந்தவரின் உரிமையையும் அது காத்தது. அந்தக் காப்பு அந்த நாளில் இருந்தவர்களுக்கு உரியது. மகனுக்கும் பேரனுக்கும் சொத்தைப் போல இறங்குவது அன்று. தந்தையின் பதிவுச் சான்றிதழை மாட்டிக்கொண்டு மகன் தொழில் செய்யும் இடங்களை நானே பார்த்திருக்கிறேன். மகனின் கைத்திறன் உண்மையாகவே இருக்கலாம். சான்றிதழ் அவருடையது அன்று. கேரளத்தின் பாரம்பரிய வைத்தியர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கீகரிக்கப்பட்ட தகுதி இல்லாதவர்கள் பரம்பரை அறிவை மட்டும் காட்டித் தொழில் செய்ய முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பால் அழியும் அறிவைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. அந்த அறிவைக் கல்லூரிகளும் ஆய்வு நிறுவனங்களும் அமர்ந்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கவலை, பதிவில்லாதவர் நோயாளியைத் தொடுவதற்கு உரிமையாகாது.

பதிவுக் கதவு மூடியதும், பக்கத்தில் வேறு கதவு திறந்ததாகச் சொல்லி ஏமாற்றும் தொழில் வளர்ந்தது. ஆறு மாதத் தபால் படிப்பு, மாற்று மருத்துவப் பட்டயம், அகில இந்திய என்று தொடங்கும் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, 'பதிவு எண்' என்று அச்சிட்ட சான்றிதழ். அந்த எண் பெரும்பாலும் சங்கத்தின் பதிவு எண்ணாக இருக்கும். சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் எவரும் சங்கம் தொடங்கலாம். வட இந்தியாவின் பெயர்பெற்ற இந்தி சாகித்திய சம்மேளனமே வைத்திய விசாரதம், ஆயுர்வேத ரத்தினம் என்ற பட்டங்களைத் தந்துவந்தது. 1967-க்குப் பிறகு அது தந்தவை மருத்துவத் தொழிலுக்குச் செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எனவே நோயாளி ஒருவர் பார்க்க வேண்டியது மூன்றே வரி. சான்றிதழைத் தந்தது மாநிலக் கவுன்சிலா, வாரியமா, அல்லது ஒரு சங்கமா? அதில் உள்ள பெயர் எதிரே அமர்ந்திருப்பவருடையதா? எந்த மருத்துவ முறைக்குப் பதிவு? ஐயம் இருந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு கவுன்சிலிடமே கேட்கலாம். பதிவேடு என்பது பொது ஆவணம், கேட்பது அவமதிப்பாகாது.

கடைசியாக ஒன்று, மருத்துவர்களே அதிகம் அறியாதது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. மருத்துவச் சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவரால் அது நேர்ந்தால் இரண்டாண்டு வரை என்று குறைக்கிறது. மருத்துவர்களுக்கான சலுகை என்று அதை எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்தப் பிரிவின் விளக்கம், பதிவு பெற்ற மருத்துவர் என்பவர் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்கீழ்த் தகுதியும் பதிவும் உள்ளவர் என்று சொல்கிறது. அது நவீன மருத்துவத்துக்கான சட்டம். சித்த, ஆயுர்வேத மருத்துவரின் பதிவு வேறு சட்டத்தின்கீழ் வருவது. ஆகவே நம் மருத்துவர் தம் முறைக்குள் நின்று, தாம் கற்ற சிகிச்சையையே செய்து, அதில் அலட்சியம் நேர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டாலும், அந்தப் பிரிவின் எழுத்துப்படி அவருக்கு இரண்டாண்டு வரம்பு கிடைக்காது. ஐந்தாண்டு வரம்பே பொருந்தும். தொழில் செய்யவும் சான்றிதழில் கையெழுத்திடவும் நீதிமன்றத்தில் வல்லுநராக நிற்கவும் ஒரு நாடாளுமன்றச் சட்டம் அவரை ஏற்றுக்கொண்டிருக்கும்போது, தண்டனைப் பிரிவில் மட்டும் அவரைப் பதிவு பெறாதவரோடு ஒரே வரிசையில் நிறுத்துவது திருத்தப்பட வேண்டிய பிழை. அதற்கு அந்த விளக்கத்தில் 2020-ஆம் ஆண்டின் சட்டத்தின் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.